இரண்டாவது ஆள் எதைப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறார்? இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கான மருந்துப் பட்டறை

மட்டு_ரியூட்டர் | 3 நவம்பர், இரவு

இறுதியாண்டுத் தாதியப் பிள்ளைகள் 24 பேருக்கு அரைநாள் பட்டறை ஒன்று போடப்போறம். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. அதைத் திரும்ப ஒப்புவிக்க வைக்க அரைநாள் வேண்டாம். எனக்குக் கவலை எல்லாம் இரண்டாவது ஆளைப் பற்றித்தான்.

வார்டில் நடக்கிறது இது. முதலாமவர் மருந்தை எடுத்து சிரிஞ்சைத் தூக்கிக் காட்டி, "இன்சுலின் 50 அலகு, அரை மில்லி, சரிதானே?" என்கிறார். இரண்டாமவர் ஒரு பார்வை பார்த்து "ஓம்" என்று கையெழுத்து வைக்கிறார். விடை காதில் விழுந்த பிறகு கண் அந்த விடையைத்தான் தேடும். கையெழுத்து இரண்டு, பார்த்த ஆள் ஒருவர்.

அதனால் ஒரே ஒரு நோயாளியை வைத்து நடத்துவோம் என்று நினைக்கிறன். நீரிழிவு முற்றி கீற்றோன் ஏறி வந்தவர், நிறை 58 கிலோ. டொக்டர் எழுதியது: கரையும் இன்சுலின் 50 அலகை 0.9% சேலைனில் 50 மில்லியாக்கி, கிலோவுக்கு மணிக்கு 0.1 அலகு வீதம் சிரிஞ்ச் பம்பில் விடவும். கணக்கு சின்னது. குப்பி ஒரு மில்லிக்கு 100 அலகு, ஆகவே 50 அலகுக்கு 0.5 மில்லி. அதோடு 49.5 மில்லி சேலைன். ஒரு மில்லியில் ஒரு அலகு. 58 ஐ 0.1 ஆல் பெருக்கினால் மணிக்கு 5.8 அலகு, பம்பிலும் 5.8.

இந்த ஒன்றே போதுமா, ஹெப்பரின், பொட்டாசியம் எல்லாம் சேர்க்கவேணுமா?

கல்லடி_வார்ட் | 4 நவம்பர்

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நின்று சத்தமாக வாசிக்கிறம். ஒருவர் டொக்டர் எழுதுகிற நோயாளியின் கட்டில் சீட்டான பி.எச்.டி.யை வாசிப்பார், மற்றவர் லேபலை வாசிப்பார். சத்தமாக வாசித்தால் பிழை தெரியாமல் போகாது. பம்பில் சிரிஞ்சைப் போட்ட பிறகு கட்டிலடியில் செய்தால் நோயாளியின் பெயரையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒரே வேலை. இதைப் பிரித்துத் தனித்தனியாகச் செய்யச் சொன்னால் பிள்ளைகளுக்கு நேரம்தான் போகும்.

இரவுக்கடமை | 4 நவம்பர், பின்னேரம்

தம்பி, பாதி சரி. கட்டிலடியில் பார்க்கத்தான் வேணும். ஆனால் நீங்க பார்க்கிற நேரத்தில் பார்க்கவேண்டியது போயிட்டுது.

கரையும் இன்சுலின் தண்ணி மாதிரித் தெளிவு. 0.5 மில்லி எடுத்து 50 மில்லிக்கு நிரப்பினாலும் அதே சிரிஞ்ச், அதே கோடு, அதே நிறம். 5 மில்லி எடுத்து 50 க்கு நிரப்பினாலும் அதே. பம்பில் போட்ட பிறகு எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க ஏலாது. ஒட்டின லேபலில் "50 அலகு" என்று இருக்கும், எழுதினவரும் அதை நம்பித்தான் எழுதியிருப்பார். ஆகவே இரண்டாமவர் வரவேண்டிய இடம், எடுத்த இன்சுலின் சின்ன சிரிஞ்சில் நிற்கிற அந்த நிமிஷம். பெரிய சிரிஞ்சுக்குள் தள்ள முன்னம். குப்பியும் பக்கத்தில் இருக்கவேணும்.

5 மில்லி எப்படி வருகுது என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்க, மிஸ். குப்பியில் "100" என்று பெரிதாகத் தெரியும். அதை முழுக் குப்பியில் உள்ள அளவு என்று எடுத்தால், 50 க்கு அரைக் குப்பி. குப்பி 10 மில்லி, அரைவாசி 5 மில்லி. மனக்கணக்கு பிசகாமல் ஓடும், தொடங்கின இடம்தான் பிழை. உண்மையில் குப்பிக்குள் 1000 அலகு, எடுத்தது 500. ஒரு மில்லியில் 10 அலகு ஆகிவிடும். பம்ப் 5.8 இல் ஓடினால் மணிக்கு 58 அலகு போகும்.

அம்பாறை_மருந்தகம் | 4 நவம்பர், இரவு

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. தட்டில் இன்சுலின் சிரிஞ்ச் இருந்தால் இந்தப் பிழை செய்யிறது கஷ்டம். ஒரு மில்லி இன்சுலின் சிரிஞ்சில் 100 அலகுக்கு மேல் பிடிக்காது, 500 எடுக்க ஐந்து தரம் இழுக்கவேணும், மூன்றாம் தரத்திலேயே கை நிற்கும். பிழை வருவது அந்த சிரிஞ்ச் முடிந்து, சாதாரண 5 மில்லி சிரிஞ்சைக் கையில் எடுக்கும்போது. பட்டறையில் இரண்டு தட்டும் வையுங்க. சிரிஞ்சை மாற்றினாலே பாதிப் பிழை அடைபடும் என்பதைப் பிள்ளைகள் தங்கட கையால் பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பழைய குப்பியில் தண்ணி நிரப்பிப் பயிற்சி செய்தால் ஒவ்வொன்றிலும் "பயிற்சிக்கு மட்டும்" என்று ஒட்டி, தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணுங்க. 2014 கடைசியில் அமெரிக்காவில் பயிற்சிக்கென்று செய்த சேலைன் பைகள் கிளினிக்குகளுக்குப் போய் நிஜ நோயாளிகளுக்கு ஏறி, காய்ச்சலும் நடுக்கமுமாக ஆட்கள் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். பயிற்சிக் குப்பி வார்ட் பிரிட்ஜுக்குள் போகவே கூடாது.

மட்டு_ரியூட்டர் | 5 நவம்பர்

ஹெப்பரின், பொட்டாசியம் இரண்டையும் விட்டாச்சு. இன்சுலின் ஒன்றே அரைநாளுக்குக் காணும்.

நிறுத்தும் இடம் இரண்டு என்று வைக்கிறன். முதலாவது, இன்சுலின் சின்ன சிரிஞ்சில் இருக்கும்போது மருந்து மேசையில். இரண்டாவது கட்டிலடியில், பம்பைத் தொடங்க முன்னம். முதலாவதில் மருந்தும் அளவும். இரண்டாவதில் நோயாளி, பம்ப் வேகம், எந்தக் குழாயில் மாட்டியிருக்கு என்பது. இரண்டையும் ஒன்றாக்கினால் சிஸ்டர் சொன்ன பிரச்சினை வரும்.

"தனித்தனி" என்றால் என்ன என்று பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லப்போறன். இரண்டாமவருக்கு பி.எச்.டி., குப்பி, ஒரு வெறும் துண்டு மட்டும். முதலாமவர் வாய் திறக்கக் கூடாது, தன் கணக்குத் தாளைக் கவிழ்த்து வைக்கவேணும். இரண்டாமவர் துண்டில் மூன்று எண் எழுதவேணும்: எத்தனை மில்லி இன்சுலின், கலந்த பிறகு மில்லிக்கு எத்தனை அலகு, பம்ப் மணிக்கு எவ்வளவு. எழுதி முடித்த பிறகுதான் சிரிஞ்சைப் பார்க்கலாம். எண் ஒத்துவராவிட்டால் யாரும் யாருக்கும் விளங்கப்படுத்தக் கூடாது. இரண்டு பேரும் பி.எச்.டி.யில் இருந்து திரும்பத் தொடங்கவேணும். மறுபடியும் ஒத்துவராவிட்டால் மூன்றாம் ஆள்.

கல்லடித் தம்பி சத்தமாக வாசிக்கிறதைச் சொன்னதில் நல்லது ஒன்று இருக்கு. ஒப்பிடும்போது சத்தமாக வாசிக்கட்டும். கணக்குப் போடும்போது வேண்டாம்.

வாழைச்சேனை_மகள் | 5 நவம்பர், இரவு

நான் தாதி இல்லை, தேடும்போது இது வந்தது. எங்கட உம்மாவுக்கு காலையும் இரவும் இன்சுலின். நானும் தம்பியும் பார்க்கிறம், இரண்டு பேர் இருந்தால் பாதுகாப்பு என்று. போன கிழமை நான் விடிய ஊசி போட்டிட்டு கடைக்குப் போயிட்டன், தம்பி வந்து அவனும் போட்டிட்டான். உம்மாவுக்கு வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறிப்போச்சு. சீனித் தண்ணி குடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம், இப்ப சுகம். நீங்க சொல்ற மாதிரி நாங்க இரண்டு பேரும் தனித்தனியாப் பார்த்திருந்தா இது நடந்திருக்காதா?

இரவுக்கடமை | 5 நவம்பர், இரவு

தங்கச்சி, உம்மா சுகமானது சந்தோசம். நாங்க இங்க பேசுறது இரண்டு பேர் ஒரே ஊசியை அளக்கிறதைப் பற்றி. உங்கட வீட்டில் நடந்தது வேற: குடுத்ததை எழுதாமல் விட்டது. அதற்கு இரண்டு ஆள் வேண்டாம், பிரிட்ஜ் கதவில் ஒரு கலண்டர் போதும். ஊசி குத்தின கையோட அந்த இடத்திலேயே நேரத்தையும் அலகையும் எழுதுங்க. எழுதாத நாள் என்றால் கேட்காமல் போடக்கூடாது, ஆளைப் பிடிக்க ஏலாவிட்டால் முதலில் சீனி பாருங்க. வீட்டுக்குத் தருகிற கலவை இன்சுலின் பால் மாதிரி இருக்கும், மெதுவாக உருட்டிக் கலக்கிப் போட்டு எடுக்கவேணும். அதுவும் வார்டில் பம்பில் விடுகிற தெளிவான இன்சுலினும் ஒன்றில்லை. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு தரம் போட்டதையும் சொல்லுங்க.

மட்டு_ரியூட்டர் | 6 நவம்பர்

இந்தக் கேள்வி பட்டறைக்கும் உதவும். குடுத்த உடனே எழுதுவதை ஆறாவது சரியாகப் பிள்ளைகள் சொல்லுவாங்க, ஆனால் வார்டில் எல்லாருக்கும் குடுத்து முடித்து மேசைக்கு வந்து மொத்தமாக எழுதுவாங்க. பம்ப் தொடங்கின நேரத்தை அதே கட்டிலடியில் எழுதாமல் வந்தால், கடமை மாறி வருகிறவருக்கு எவ்வளவு போயிருக்கு என்று தெரியாது. கட்டிலடி நிறுத்தத்தில் இதையும் சேர்க்கிறன்.

நான்காம்_ஆண்டு | 6 நவம்பர், இரவு

நான் ஸ்டுடண்ட். ஒன்று கேட்கலாமா? முதலாமவர் பெரிய மிஸ், இரண்டாமவர் நான் என்றால் என்ன செய்யிறது? அவங்க "அரை மில்லி, பாருங்க" என்று நீட்டும்போது "மிஸ், வாய மூடுங்க, நான் கணக்குப் போட்டுட்டு வாறன்" என்று எப்படிச் சொல்ற? படிப்பிக்கிற இடத்தில் இது சரி. வார்டில்?

கல்லடி_வார்ட் | 7 நவம்பர்

அதைத்தான் நானும் சொல்றன். கடதாசியில் அழகாகத்தான் இருக்கும்.

இரவுக்கடமை | 7 நவம்பர்

பிள்ளை, வாயை மூடச் சொல்ல வேண்டாம். "மிஸ், பி.எச்.டி.யைத் தாங்க, நான் ஒருக்கா எழுதிப் பார்த்திட்டு உங்கடதைப் பார்க்கிறன்" என்று சொல்லுங்க. கையில் துண்டு இருந்தால் யாரும் கோவிக்க மாட்டாங்க, எல்லாரும் செய்யிற வேலையாகத் தெரியும். துண்டு இல்லாமல் நின்று யோசித்தால்தான் நம்பவில்லை என்று படும். மிஸ், அந்த வசனத்தைப் பட்டறையில் வாய்விட்டுச் சொல்ல வையுங்க. பெரியவராக நடிக்கிறவர் அவசரப்படுத்தவேணும்: "டொக்டர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், கெதியாக் கையெழுத்து வையுங்க." அப்படி நெருக்கும்போதும் பிள்ளை துண்டை எடுக்குதா என்று பாருங்க.

மட்டு_ரியூட்டர் | 8 நவம்பர்

சேர்த்தாச்சு. இப்ப நடத்தும் விதம்.

நாலு நாலு பேராக ஆறு குழு. ஒருவர் முதலாமவர், ஒருவர் இரண்டாமவர், ஒருவர் நோயாளி, ஒருவர் பார்த்து எழுதுகிறவர். பார்த்து எழுதுகிறவருக்கு ஒரே கேள்வி: இரண்டாமவர் எண்ணை எழுத முன்னம், முதலாமவரின் வாயிலிருந்தோ தாளிலிருந்தோ சிரிஞ்சிலிருந்தோ விடை தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் விடை சரியாக இருந்தாலும் அது சரிபார்ப்பு இல்லை.

தட்டுகளை நானே முன்கூட்டித் தயார் செய்வன். ஆறு தட்டில் நாலு சரி, இரண்டு பிழை. எல்லாத் தட்டிலும் பிழை வைத்தால் பிள்ளைகள் பிழை தேடுகிற விளையாட்டாக்கிவிடுவாங்க. வார்டில் பெரும்பாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், அதனால்தான் கண் சோர்ந்துபோகுது. முதல் சுற்று வழமைபோல, முதலாமவர் விடையைச் சொல்லி நீட்டலாம். தட்டுகளை மாற்றி இரண்டாம் சுற்று துண்டோடு. எந்தச் சுற்றில் எத்தனை பிழை பிடிபட்டது என்று பலகையில் போடுவம். யார் தவறவிட்டது என்று எழுதுவதில்லை.

பிழைத் தட்டு ஒன்று, சாதாரண சிரிஞ்சில் 5 மில்லி. மற்றது நிறை. வரவுத் தாளில் 58 கிலோ, பி.எச்.டி.யின் உள்பக்கத்தில் யாரோ திருப்பி எழுதின 85.

அம்பாறை_மருந்தகம் | 8 நவம்பர்

85 ஐ வைத்தால் இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டு இரண்டு பேரும் 8.5 என்று எழுதுவாங்க. எண் ஒத்துவரும், பிழை பிடிபடாது. உங்கட துண்டு முறை தோற்றுப்போன மாதிரித் தெரியுமே?

மட்டு_ரியூட்டர் | 8 நவம்பர், இரவு

அதற்காகத்தான் வைக்கிறன். இரண்டு பேரும் ஒரே பிழையான இடத்திலிருந்து தொடங்கினால் எத்தனை பேர் கணக்குப் போட்டாலும் ஒரே விடைதான் வரும். எண் ஒத்துவந்தது என்றால் கணக்குப் பிசகவில்லை என்பது மட்டும்தான் தெரியும், எழுதினது சரி என்று தெரியாது. அதனால் இரண்டாமவருக்குத் துண்டில் நாலாவது கோடு ஒன்று போடுறன்: "நிறை எங்கிருந்து எடுத்தது?" வரவுத் தாளைப் புரட்டவேணும், இல்லாவிட்டால் கட்டிலில் கிடக்கிற மனிசரைப் பார்த்து 85 கிலோ ஆளா என்று யோசிக்கவேணும். பிள்ளைகளில் எத்தனை பேர் நோயாளியின் பக்கம் தலை திருப்புறாங்க என்று பார்க்க ஆசை.

இரவுக்கடமை | 9 நவம்பர்

நோயாளி என்றதும் ஞாபகம். பெயர் கேட்கிற விதத்தை ஐந்து நிமிஷத்திலாவது செய்யுங்க. "நீங்க தங்கம்மாதானே?" என்று கேட்டால் காது கேளாத கிழவியும் "ஓம்" என்பா. "உங்கட பேர் என்ன?" என்று கேட்கவேணும், சொல்லுற பேரை பி.எச்.டி. இலக்கத்தோடு ஒப்பிடவேணும். எங்கட பக்கம் ஒரே வார்டில் ஒரே பேரில் இரண்டு பேர், முதலெழுத்தும் ஒன்று, சாதாரணம். பாத்திமா இரண்டு மூன்று பேர் இருக்காத நாள் இல்லை. கட்டில் இலக்கத்தை நம்பவே கூடாது, மாரியில் டெங்கு கூடினால் ஆட்கள் நிலத்திலும் படுப்பாங்க, பின்னேரம் கட்டில் மாறிப் படுப்பாங்க. அம்பாறைப் பக்கத்தால் வாற சிங்களம் மட்டும் தெரிஞ்ச ஆட்களிடம் தமிழில் கேட்டால் தலையாட்டுவாங்க. அந்த ஒரு கேள்வியைச் சிங்களத்திலும் பாடமாக்க வையுங்க.

மட்டு_ரியூட்டர் | 9 நவம்பர்

நோயாளியாக நடிக்கிறவருக்கு உறையில் அறிவுறுத்தல் வைக்கிறன்: எந்தப் பேரைச் சொன்னாலும் "ஓம்" என்று தலையாட்டவும். பேர் கேட்டால் மட்டும் சொந்தப் பேரைச் சொல்லவும்.

கல்லடி_வார்ட் | 10 நவம்பர்

சரி, சின்ன சிரிஞ்சில் நிற்கும்போது பார்க்கவேணும் என்கிறதை ஏற்றுக்கொள்றன், அதை நான் யோசிக்கேல்லை. ஆனால் ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லேல்லை. இரவில் வார்டுக்கு ஒரு மிஸ். பக்கத்து வார்ட் மிஸ்ஸும் தனிய. இன்சுலின் பம்ப் தொடங்கவேணும். இரண்டாமவர் யார்?

இரவுக்கடமை | 10 நவம்பர்

அதனால்தான் எல்லா மருந்துக்கும் இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லக்கூடாது. பரசிற்றமோலுக்கும் கேட்டால் இன்சுலினுக்கும் சும்மா கையெழுத்துத்தான் விழும். நாளத்தால் விடுகிற இன்சுலின், ஹெப்பரின், செறிந்த பொட்டாசியம், மோர்பின், குழந்தைகளுக்கு நிறை பார்த்துக் கணக்கிடுகிற ஊசிகள். பட்டியலை இவ்வளவில் நிறுத்தினால் இரவில் அந்த ஓரிரு தரம் ஆளைக் கூப்பிடலாம். எழுதின டொக்டரையே கூப்பிடலாம் என்று சிலர் சொல்லுவாங்க. எனக்கு அது அரை மனம், தான் எழுதினதைத் தானே பார்க்கிறவருக்கு 85 திரும்பவும் 85 ஆகத்தான் தெரியும். குப்பியையும் சிரிஞ்சையும் பார்க்க மட்டும் அவர் காணும்.

அம்பாறை_மருந்தகம் | 10 நவம்பர்

ஒருவருமே இல்லாவிட்டால், எடுத்ததைத் தட்டில் வைத்து விட்டு, வேறொரு வேலை செய்து வந்து, பழைய தாளைப் பார்க்காமல் புதிதாகக் கணக்குப் போடலாம். ஒன்றும் செய்யாததை விட நல்லது. ஆனால் குப்பியின் 100 ஐப் பிழையாக விளங்கினவர் திரும்ப வந்தாலும் அப்படித்தான் விளங்குவார்.

கல்லடி_வார்ட் | 10 நவம்பர், இரவு

அப்ப இரவுக்குப் பதில் இல்லை என்றுதானே அர்த்தம்.

மட்டு_ரியூட்டர் | 11 நவம்பர்

முழுப் பதில் இல்லை. பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லப்போறன். தம்பி, உங்கட வார்டில் இரவில் யாரைக் கூப்பிடுகிறது வழக்கம் என்று எழுதுங்க, அதையும் கொண்டுபோறன்.

தனிய நிற்கிறவருக்கு ஒரு பாதுகாப்பு மிச்சம் இருக்கு, அதைக் கடைசி அரைமணியில் செய்வம். பம்ப் தொடங்கின பிறகு மணிக்கொருக்கால் சீனி பார்க்கிறம். சரியாக ஓடினால் மணிக்கு 50, 60 மில்லிகிராம் அளவில் இறங்கும். முதல் மணியில் சேலைன் வேகமாக ஏறுவதாலும் கூட இறங்கலாம். ஆனால் 420 இல் இருந்தவர் ஒரு மணியில் 200 க்கு வந்தால் "நல்லா வேலை செய்யுது" என்று எழுதிப்போட்டுப் போகக்கூடாது. பம்பை நிறுத்தி, சீனியைத் திரும்பப் பார்த்து, டொக்டருக்குச் சொல்லி, சிரிஞ்சை மாற்றவேணும். பழைய சிரிஞ்சையும் குப்பியையும் எறியாமல் வைக்கவேணும், குப்பியில் எவ்வளவு குறைஞ்சிருக்கு என்று பார்த்தால் எடுத்தது அரை மில்லியா 5 மில்லியா என்று தெரியும். அன்றைக்கு எத்தனை பேருக்கு அந்தக் குப்பியில் எடுத்தது என்பதையும் கழிக்கவேணும்.

நான்காம்_ஆண்டு | 11 நவம்பர்

மிஸ், அந்தத் துண்டை பி.எச்.டி.யோடு சேர்த்து வைக்கிறதா, கிழிக்கிறதா?

மட்டு_ரியூட்டர் | 11 நவம்பர், இரவு

பட்டறையில் சேர்த்து வையுங்க, இரண்டாம் சுற்றுக்குப் பிறகு எல்லாரும் அதை வாசிப்பம். வார்டில் வைக்கிறதை அந்தந்த வார்ட் சிஸ்டர்தான் சொல்லவேணும். எப்படியும் பம்ப் தொடங்க முன்னம் கிழிக்காதீங்க, கட்டிலடியில் பம்பின் எண்ணை ஒப்பிட அந்தத் துண்டுதான் வேணும்.